"ஆற்றல் மாற்றும் புலம்" மாணவரைக் குழப்புகிறது, வேறு சொல் உண்டா?

தாமரை:
அனைவருக்கும் வணக்கம். காந்தப்புலம் சீராக மாறும் இடத்தைச் சுற்றி எழும் மின்புலத்தை, பாடநூலில் விசைக்கு உள்ள சொல்லை ஒட்டி "ஆற்றல் மாற்றும் புலம்" என்று எழுதியிருந்தேன். "அப்படின்னா உராய்வு மாதிரி வெப்பமா வீணாகுமா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். என்ன சொல் வைக்கலாம்?

முருகையன்:
"சுழல் மின்புலம்". புலக்கோடுகள் வளைந்திருப்பதுதானே காரணம்?

கந்தசாமி:
வளைவு காரணமில்லை, முருகையன். நேர்மின்னூட்டத்திலிருந்து எதிர்மின்னூட்டத்துக்குப் போகும் கோடும் வளைந்தே போகிறது. அங்கே ஒரு சுற்று வந்தால் மொத்த வேலை சுழி. இங்கே கோட்டுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை; அதோடு ஒரு சுற்று வந்தால் வேலை சுழியாகாது.

மாணவி கேட்டது நியாயம்தான். உராய்வு எந்தப் பக்கம் போனாலும் பறிக்கும். இந்தப் புலம் ஒரு பக்கம் சுற்றினால் கொடுக்கும், எதிர்ப்பக்கம் சுற்றினால் அதே அளவு பறிக்கும்.

0.01 சதுர மீட்டர் குறுக்குவெட்டுள்ள உள்ளகத்தில் காந்தப்புலம் 10 மில்லி நொடியில் 1 டெஸ்லா ஏறட்டும். அதைச் சுற்றிய வளையத்தில் 1 வோல்ட் எழும். வளையத்தின் இடப்பக்கம் 100 ஓம், வலப்பக்கம் 900 ஓம் மின்தடை இருந்தால் ஓடுவது 1 மில்லி ஆம்பியர். இரண்டும் சேரும் மேல்புள்ளி, கீழ்ப்புள்ளி இரண்டிலும் இரு மீட்டர்களை, வளையத்துக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக, ஒரே மாதிரி இணையுங்கள். இடப்பக்க மீட்டர் 0.1 வோல்ட் காட்டும். வலப்பக்க மீட்டர் 0.9 காட்டும், அதுவும் எதிர்க்குறியில். புள்ளிகள் அதே இரண்டுதான். அவற்றுக்கிடையே "இவ்வளவு மின்னழுத்தம்" என்று ஒரே எண் சொல்ல வழியில்லை. எல்லாம் 10 மில்லி நொடியில் முடிவதால், உண்மையில் மீட்டருக்குப் பதில் அலைநோக்கி வேண்டும்.

செல்வம்:
ஐயா, நான் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவன். சொல் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் மீட்டர் கம்பியை உள்ளகத்துக்கு அந்தப் பக்கமாகக் கொண்டுபோனால் அளவு மாறும். மீட்டர் கெட்டுவிட்டது என்று ஒன்றைத் தூக்கியே போட்டேன்!

கந்தசாமி:
பாவம் அந்த மீட்டர். கம்பி உள்ளகத்தைச் சுற்றிப் போனதால் ஒரு சுற்றுக்கான வோல்ட் கூடியோ குறைந்தோ தெரிந்திருக்கும்.

"சுழல்" வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம். உள்ளகத்துக்கு வெளியே, அதை உள்ளடக்காமல் சின்ன வளையம் போட்டால் மின்னியக்கு விசை சுழிதான். புலம் அங்கே சுற்றித்தான் போகிறது, ஆனால் அந்த இடத்தில் சுழற்சி இல்லை. என் பரிந்துரை "பாதைசார் மின்புலம்".

முருகையன்:
அப்படியானால் வெளியே அது பாதைசாராப் புலம் என்று ஆகிவிடாதா?

கந்தசாமி:
உள்ளகத்தைச் சுற்றாத பாதைகளுக்கு மட்டும், ஆம்.

தாமரை:
பாடத்தில் "பாதைசார்" என்றே போடுகிறேன். ஆனால் உராய்வு செய்யும் வேலையும் பாதையைச் சார்ந்ததுதானே ஐயா? அவள் திரும்பவும் அதையே கேட்பாள்.

கந்தசாமி:
கேட்பாள். இரண்டையும் பிரிக்கும் சொல் எனக்கு இன்னும் வரவில்லை.