லாக்டிக் அசிடோசிஸ்: 'பால் அமிலம்' வேண்டாம், வேறு என்ன சொல்லலாம்?

துண்டறிக்கை எழுதுபவர், தண்டையார்பேட்டை

வணக்கம். எங்கள் பகுதி சர்க்கரை நோய் முகாமுக்காக மெட்ஃபார்மின் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கான பத்தியில், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும் லாக்டிக் அசிடோசிஸ் என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். முதல் வரைவில் 'பால் அமிலத்தன்மை' என்று எழுதி, பக்கத்து வீட்டு அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். "அப்போ இந்த மாத்திரை போட்டா பால் குடிக்கக் கூடாதா?" என்று கேட்டார். அமிலத்தன்மை என்பதை நெஞ்செரிச்சல் என்று வேறு எடுத்துக்கொண்டார். ஆளைக் கொல்லக்கூடிய ஒன்றை ஜெலுசில் குடித்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் நினைத்துவிட்டால் அறிக்கையே வீண். நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வியாசர்பாடி

பெயரில் பால் வந்ததற்குக் காரணம் உண்டு. 1780இல் ஷீலே என்பவர் இந்த அமிலத்தைப் புளித்த பாலிலிருந்துதான் பிரித்தெடுத்தார். ஆனால் நம் உடம்பில் தசையும் சிவப்பணுக்களும் அன்றாடம் உண்டாக்கும் பொருளுக்கும் பாலுக்கும் தொடர்பில்லை. ஆகவே பாலை விட்டுவிடலாம். அமிலத்துக்குக் 'காடி' என்ற பழைய சொல் இருக்கிறது. 'குருதிக்காடி மிகை' என்று வைத்துப் பாருங்கள்.

மருந்துக்கடைக்காரர், ராயபுரம்

வாத்தியாரே, காடி என்றால் எங்கள் பக்கம் மாட்டுத்தொட்டிதான் ஞாபகம் வரும். சொல்லுக்கு ஏன் இத்தனை பாடு? மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும், கிட்னி போனால் ரத்தத்தில் ஆசிட் ஏறும், கூடவே குடித்தால் இன்னும் சீக்கிரம் ஏறும் என்று எழுதிவிடுங்கள். முப்பது வருடமாகக் கடையில் இருக்கிறேன், கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

டயாலிசிஸ் செவிலியர், திருவொற்றியூர்

அண்ணா, பாதி சரி. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. அந்த மருந்து உடம்பில் உருமாறாமல் அப்படியே சிறுநீரில்தான் வெளியேறுகிறது. அதனால் வேறு காரணத்தால் கிட்னி தளர்ந்தவருக்கு மருந்து உள்ளேயே சேர்ந்துவிடும். கிட்னியின் வடிதிறன் 30க்குக் கீழே போனால் நிறுத்துவதும், 45க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பதும் இதற்காகத்தான். நீங்கள் சொல்வதைக் கேட்டுப் பயந்துபோய், கிட்னி நன்றாக இருப்பவர்களும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள்.

இதில் நடப்பதைப் பார்த்தால் சொல்லும் கிடைக்கும். உடம்பு உண்டாக்கும் அந்த அமிலம் ரத்தத்தில் லாக்டேட்டாக ஓடுகிறது, அதைக் கல்லீரல் வாங்கி மறுபடியும் சர்க்கரையாக மாற்றுகிறது. கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்வதைக் குறைப்பதுதான் மெட்ஃபார்மினின் முக்கிய வேலை, ஆகவே லாக்டேட் வடியும் வழி கொஞ்சம் குறுகுகிறது. கிட்னி நன்றாக இருந்தால் இதனால் ஒன்றும் ஆகாது. அளவுமீறிக் குடிக்கும்போது கல்லீரல் சாராயத்தை எரிப்பதிலேயே மாட்டிக்கொள்கிறது. அந்த வேலையில் உண்டாகும் மிச்சம் அதே வழியை மறுபக்கத்திலிருந்து அடைத்து, இன்னும் லாக்டேட்டைத் தள்ளுகிறது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் நிற்பது மாதிரிதான். வருகிற தண்ணீர் வழக்கமானதுதான், மோட்டார் ஓடவில்லை. எனவே 'மிகை' என்பதைவிடத் 'தேக்கம்' பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படகு எஞ்சின் மெக்கானிக், காசிமேடு

சொல் சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு மெட்ஃபார்மின் 500, காலை மாலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர். அன்றைக்கு ராத்திரி மாத்திரை போடமாட்டேன், இரண்டும் சேரக் கூடாது என்று மச்சான் சொன்னான். அது சரிதானே?

டயாலிசிஸ் செவிலியர், திருவொற்றியூர்

ஒரு வேளை விட்டால் மருந்து உடனே உடம்பைவிட்டுப் போய்விடாது அண்ணா. காலையில் போட்டது இன்னும் இருக்கும். குடிக்கத் தோதாக மாத்திரையை விட்டுப் பழகினால் அது ஞாயிறோடு நிற்பதும் இல்லை. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, நம் ஊர் பிராந்தியில் 42.8 சதவீதம் சாராயம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 60 கிராம் சாராயம் ஒரே இருப்பில் போகிறது. அது கொஞ்சம் இல்லை. உங்கள் மாத்திரையில் கிளைமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்தும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். இருந்தால், வெறும் வயிற்றில் குடித்துவிட்டுப் படுத்தால் லாக்டேட்டுக்கு முன்னால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும் ஆபத்துதான் பெரிது. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? உங்கள் டாக்டரிடம் குவார்ட்டரை மறைக்காமல் சொல்லுங்கள்.

லாக்டேட் விஷயம் அரிதுதான். மெட்ஃபார்மின் சாப்பிடும் ஒரு லட்சம் பேரில் ஓராண்டுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் வந்தால் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதுக்காரர், லோடு ஏற்றுபவர், மெட்ஃபார்மின் ஒரு கிராம் வீதம் இரண்டு வேளை. இரண்டு வருடமாகக் கிட்னி பரிசோதனை இல்லை. சொந்தத்தில் ஒரு சாவு, மூன்று நாள் சோறில்லாமல் குடி. நான்காம் நாள் வாந்தியும் பேதியும். 'சர்க்கரை மாத்திரையை விடக் கூடாது' என்று வீட்டில் தண்ணீரோடு கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். உடம்பு வற்றிக் கிட்னி நின்றது, மருந்து உள்ளே சேர்ந்தது. மூச்சு ஆழமாக, ஓடிவந்தவர் மாதிரி வாங்கியிருக்கிறது. போதை தெளியவில்லை என்று ஒருநாள் விட்டுவிட்டார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 112, அதனால் பயமே வரவில்லை.

எங்களிடம் வந்தபோது ரத்தத்தின் அமிலநிலையைக் காட்டும் பி.எச். ஆபத்தான 6.98, லாக்டேட் 14. சாதாரணமாக 2க்குள் இருக்க வேண்டியது. டயாலிசிஸ் போட்டால் லாக்டேட்டும் மருந்தும் சேர்ந்தே வெளியேறும். மறுநாள் மாலை 3க்கு இறங்கியது. பிழைத்தார். எல்லாரும் பிழைப்பதில்லை.

துண்டறிக்கையில் இதைப் போடுங்கள்: வீட்டு மீட்டரில் இது தெரியாது. வாந்தி பேதியில் தண்ணீர்கூட நிற்காத நாளில் மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேட்க வேண்டும். மூச்சு வாங்கினால், உடம்பு சில்லிட்டால், தூக்கம் தூக்கமாக வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மருந்துக்கடைக்காரர், ராயபுரம்

கிட்னி விஷயத்தில் நான் சொன்னது தலைகீழ் போலிருக்கிறது, சரி. ஆனால் புதிதாக மெட்ஃபார்மின் தொடங்கும்போதே பலருக்கு வயிறு கலக்குகிறது. அதையும் இதையும் எப்படிப் பிரிப்பது?

டயாலிசிஸ் செவிலியர், திருவொற்றியூர்

தொடக்கத்தில் வருவது வயிற்றோடு நிற்கும், சாப்பாட்டோடு போட்டால் சில வாரங்களில் அடங்கும். மாதக்கணக்கில் ஒத்துப்போன மருந்தில் திடீரென்று வாந்தி வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மூச்சும் சேர்ந்து மாறினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வியாசர்பாடி

தேக்கத்தை ஏற்கிறேன். சுரங்கப்பாதை எங்கள் தெருமுனையில்தான், உவமை முழங்கால்வரை புரிகிறது. ஆனால் 'லாக்டேட் தேக்கம்' மட்டும் போதாது. வேகமாக ஓடினாலும் லாக்டேட் சேரும், அது நோயில்லை. ரத்தம் புளித்துப்போவதும் சொல்லில் வர வேண்டும். 'குருதிப் புளிப்புத் தேக்கம்'?

துண்டறிக்கை எழுதுபவர், தண்டையார்பேட்டை

'ரத்தப் புளிப்புத் தேக்கம்' என்று சற்று இறக்கி எழுதி, அக்காவிடம் மறுபடி காட்டினேன். பால் போய்விட்டது, நெஞ்செரிச்சலும் போய்விட்டது. "ரத்தம் கெட்டுப்போறது, ஆபத்து" என்று சரியாகச் சொன்னார். அப்புறம், "அப்போ குழம்புல புளி குறைக்கணுமா?" என்றார்.

டயாலிசிஸ் செவிலியர், திருவொற்றியூர்

சிரித்துவிட்டேன். எந்தச் சொல்லைப் போட்டாலும் பக்கத்தில் 'லாக்டிக் அசிடோசிஸ்' என்பதையும் தமிழ் எழுத்தில் விட்டுவையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை ஒருவர் படித்துக் காட்டும்போது காதில் விழப்போவது அதுதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வியாசர்பாடி

அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைக்கும் சொல் வேரூன்றாது என்பது என் கட்சி. அச்சுக்கு வியாழன்வரை நேரமிருக்கிறதல்லவா? புளியில்லாத ஒரு சொல்லைத் தேடுகிறேன்.