கலைச்சொல் விவாதம்: ஒத்திகைப் படத்தில் உடை அணிவித்துப் பார்ப்பதற்கு என்ன பெயர்?

அரூர், பள்ளி நாடகம் பயிற்றும் தமிழாசிரியை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி வழங்கும் காட்சியை எட்டாம் வகுப்பு மாணவர்கள் நடிக்கிறார்கள். துணி வாங்குவதற்கு முன்பே உடை எப்படி அமையும் என்று பார்த்துக்கொள்வதற்காக, ஒத்திகையில் எடுத்த ஒளிப்படத்தைச் செயற்கை நுண்ணறிவுப் படக்கருவியில் ஏற்றி, "சட்டைக்கு மேல் அங்கவஸ்திரம் போர்த்து" என்பது போன்ற சிறு சிறு வாக்கியங்களை எழுதி, மாற்றிய படத்தைப் பெற முயல்கிறேன். இந்தப் படத்தை ஆங்கிலத்தில் காஸ்ட்யூம் ப்ரிவ்யூ என்கிறார்கள். தையற்காரருக்கும் பெற்றோருக்கும் அனுப்பும் குறிப்பில் இதைத் தமிழில் எழுத வேண்டியிருப்பதால் ஒரு சொல் தேவைப்படுகிறது. "வேட முன்காட்சி" என்று எழுதலாமா?

கூடவே இன்னொன்று. கருவிக்கு நாம் எழுதும் வாக்கியத்தை ப்ராம்ப்ட் என்கிறார்கள். ஆனால் எங்கள் மாணவர்களுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வேறு பொருளில் பழகிவிட்டது. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, மறந்துபோன வசனத்தை எடுத்துக்கொடுப்பதைத்தான் அவர்கள் ப்ராம்ப்ட் என்கிறார்கள். ஒரே குறிப்பில் இரண்டும் வந்தால் குழப்பம்தான்.

தருமபுரி, ஓய்வுபெற்ற நூலகர்

அம்மா, "முன்காட்சி" என்பது திரைப்படத்தை வெளியிடுவதற்கு முன் சிலருக்குத் திரையிட்டுக் காட்டுவதைப் போல ஒலிக்கிறது. என் கருத்தில் "உடை ஒத்திகை" என்பதே இயல்பான தமிழ்; எல்லாருக்கும் உடனே புரியும். அந்தப் படத்தைத் தையற்காரரிடம் கொடுத்துவிட்டால் அவரே அதிலிருந்து அளவெடுத்துத் தைத்துவிடுவார் என்பதால், துணிக்கடைக்கு இருமுறை அலைய வேண்டிய தேவையும் இராது.

ஓசூர், வரைகலைப் பணியாளர்

நூலகர் ஐயாவின் சொல் அழகானது. ஆயினும் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. நாடகத்துக்கு முந்தைய நாள் எல்லாரும் முழு உடையோடு மேடையேறிப் பார்ப்பதைத்தானே உடை ஒத்திகை என்கிறோம்? இங்கே உடை என்று ஒன்று இன்னும் பிறக்கவே இல்லை. அளவெடுக்கலாம் என்பதையும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. கருவி துணியை மடித்துப் பார்ப்பதில்லை. துணிபோல் தோன்றும் ஒரு படத்தை வரைகிறது, அவ்வளவே. அதில் தெரியும் வேட்டி நான்கு முழமா எட்டு முழமா என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியவருக்குரிய அகலக் கரையை அப்படியே பன்னிரண்டு வயதுப் பையனின் இடுப்பில் வரைந்துவிடும். படத்தில் கம்பீரமாக இருப்பது மேடையில் பாதி உடம்பை விழுங்கிவிடும். முதுகுப்பக்கம் எப்படி முடிந்திருக்கிறது என்பதும் படத்தில் இல்லை. ஆகையால் நாம் தேடும் சொல், இது முடிந்த முடிவு அன்று என்பதைத் தன்னுள்ளேயே சொல்ல வேண்டும். "உடை வரைவு" என்று முன்மொழிகிறேன். தீர்மானத்துக்கும் கடிதத்துக்கும் வரைவு எழுதுகிறோம். அது திருத்தத்துக்கு உரியது என்று எவரும் விளக்கம் கேட்காமலே அறிவர்.

"வேடம்" என்பதை நான் தவிர்ப்பதற்குக் காரணம், கருவிக்கு வேடம் தெரியாது என்பதே. "இந்திய அரசர்" என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் தலைப்பாகையும் ஷெர்வானியும் வந்து நிற்கும். சங்க காலத்து அதியமானுக்கு அவை எங்கிருந்து வந்தன? "ஔவையார்" என்று எழுதினால் திருநீறும் கோலுமாக ஒரு மூதாட்டி வருவார். பாத்திரத்தின் பெயரை எழுதாமல், துணி, நிறம், கட்டும் முறை ஆகியவற்றை எழுதினால்தான் கருவி நம் சொல்லுக்குள் நிற்கும். ஆசிரியை கேட்ட காட்சிக்கு நான் எழுதக்கூடியது இவ்வாறு இருக்கும்:

```
சீருடை அப்படியே இருக்கட்டும். அதன் மேல் கணுக்கால் வரை
வெண்ணிற வேட்டி கட்டு; கரை இரண்டு விரல் அகலம், அடர்சிவப்பு.
இடத் தோளில் மட்டும் சிவப்பு அங்கவஸ்திரம்.
வலக்கை, கையிலுள்ள பழம், நிற்கும் நிலை, பின்னணி மாறக்கூடாது.
```

இதில் கடைசி வரிதான் பாதி வேலையைச் செய்கிறது. எது மாற வேண்டும் என்று மட்டும் எழுதினால், மாறக் கூடாதவற்றையும் கருவி தன் விருப்பத்துக்கு மாற்றும். நீட்டிய கை அங்கவஸ்திரத்துக்குள் கரைந்துபோவதும், ஒத்திகையில் நெல்லிக்குப் பதிலாக வைத்திருந்த எலுமிச்சை ஒரு பொற்பந்தாக உருமாறுவதும் வழக்கம். பழைய படத்தையும் புதிய படத்தையும் கைப்பேசியில் ஒன்றன்மேல் ஒன்றாக மாறி மாறித் தட்டிப் பாருங்கள். தோளின் கோடு, விரல்களின் எண்ணிக்கை, பின்னாலுள்ள கதவின் விளிம்பு ஆகிய மூன்றும் அசையாமல் இருந்தால் படத்தை நம்பலாம்.

பலர் செய்வது போல, முதலில் வேட்டி, வந்த படத்தின் மேல் அங்கவஸ்திரம், அதன் மேல் அணிகலன் என்று அடுக்கிக்கொண்டே போனால், ஒவ்வொரு சுற்றிலும் படம் சற்றுச் சற்றே சிதைந்து, நான்காம் சுற்றில் வேறொரு பிள்ளை நின்றுகொண்டிருப்பான். படிப்படியாகச் சோதித்துச் சொற்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிறகு முழு வாக்கியத்தையும் முதற்படத்தின் மேலேயே ஒரே தடவையில் எழுதுங்கள்.

காவேரிப்பட்டணம், நாடக உடை வாடகைக்கு விடுபவர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அரசர் உடை, மந்திரி உடை, சேவகர் உடை யாவும் சிறுவர் அளவில் எங்களிடம் உள்ளன. படங்கள் தேவையென்றால் அனுப்பி வைக்கிறேன். அதியமானுக்கு ஜரிகை வைத்த நீல வெல்வெட் அங்கி மிகப் பொருத்தமாக இருக்கும். போன ஆண்டு கட்டபொம்மனுக்கும் அதையே கொடுத்தோம்.

பென்னாகரம், கூத்துக் கலைஞர்

கட்டபொம்மனுக்கும் அதியமானுக்கும் ஒரே அங்கி என்பதைக் கேட்டதும் எழுதத் தோன்றியது. எங்கள் கூத்தில் "வேஷம் கட்டுதல்" என்றால் துணி உடுத்துவது மட்டும் அன்று. கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம், முகத்தில் எழுதும் வண்ணம், காலில் சலங்கை எல்லாம் சேர்ந்ததுதான் வேஷம். கட்டை வேஷத்துக்கு உரிய அணிகளைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதிப்போம். அந்த மரம் எடை குறைவு என்பதால்தான் விடிய விடிய ஆட முடிகிறது. என் மகன் இப்படியொரு கருவியில் என் படத்தை ஏற்றி, புஜக்கட்டை வைக்கச் சொல்லிப் பார்த்தான். தோளில் பறவைச் சிறகுகள் முளைத்திருந்தன. அதற்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதமே. "உடை" என்று மட்டும் சொன்னால் அணிகள் வெளியே நின்றுவிடும் என்பதுதான் என் கவலை.

ஓசூர், வரைகலைப் பணியாளர்

நியாயமான கவலை. சிறகு முளைத்ததற்குக் காரணம், அந்தப் பெயரோடு சேர்ந்த படங்களைக் கருவி அரிதாகவே பார்த்திருக்கும் என்பதுதான். பெயருக்குப் பதிலாக, "தோளிலிருந்து மேல்நோக்கி விரிந்த, தட்டையான, செந்நிற மரப்பலகை, அதில் வட்டக் கண்ணாடித் துண்டுகள்" என்று உருவத்தை எழுதினால் ஓரளவு நெருங்கலாம், ஆனாலும் உண்மையான கட்டையின் ஒளிப்படத்தை உடன் ஏற்றி, அதையே வைக்கச் சொல்வதுதான் நம்பகமானது.

சொல்லைப் பொறுத்தவரை, "ஆடையணி வரைவு" என்று விரித்தால் துணியும் அணியும் இரண்டும் அடங்கும்; முகவண்ணம் மட்டும் வெளியே நிற்கும். பள்ளி நாடகத்துக்கு அது பெரிய குறை அன்று என நினைக்கிறேன்.

கிருஷ்ணகிரி, வழக்கறிஞர்

சொல்லாய்வுக்கு இடையே குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. இவை பிள்ளைகளின் ஒளிப்படங்கள். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர் குழந்தையே. அவரது தரவைக் கையாளுவதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. பள்ளிக்கு எந்த அளவுக்கு எந்தக் கடமை என்பதை இங்கே நான் அளக்க வரவில்லை. ஆனால் முகத்தோடு கூடிய படத்தை ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புவதற்கு முன் எழுத்தில் ஒப்புதல் பெறுவதும், முகத்தை முற்றிலும் மறைத்துவிடுவதும் ஆசிரியைக்கு நல்லது. உடையைப் பார்ப்பதற்கு முகம் எதற்கு?

அரூர், தமிழாசிரியை

அனைவருக்கும் நன்றி. வழக்கறிஞர் ஐயா சொன்ன சிக்கலை நான் வேறு வழியில் முன்பே சந்தித்தேன். முகத்தை மறைத்துத்தான் ஏற்றினேன்; எனினும், சிறுவர் படத்தில் ஆடையை மாற்ற இயலாது என்று கருவி மறுத்துவிட்டது. அந்தத் தடை தேவையானதே என்பதால் அதை ஏய்க்க வேறு சொற்களைத் தேடவில்லை. ஒத்திகைப் படத்தை அச்செடுத்து, அதன் மேல் பட்டர் பேப்பரை வைத்து, நிற்கும் நிலையையும் நீட்டிய கையையும் மட்டும் பென்சிலால் வரைந்தெடுத்து, அந்தக் கோட்டோவியத்தை ஏற்றினேன். ஓசூர் ஐயாவின் வாக்கியத்தில் சீருடை, பின்னணி ஆகியவற்றை மட்டும் நீக்கிவிட்டு எழுதியபோது வேட்டியும் அங்கவஸ்திரமும் சரியாக வந்தன, பழம் பழமாகவே இருந்தது. பெற்றோர் எவரும் தயங்கவும் இல்லை. கோட்டோவியத்தில் துணியின் கனம் தெரிவதில்லை என்பது உண்மைதான். அதற்கு வாங்கப்போகும் துணியின் ஒரு துண்டை அதே தாளில் ஒட்டிவிடுகிறேன். மேடையில் சிவப்பு விளக்கு போட்டால் பச்சைத் துணி கறுத்துப்போகும் என்பதையும் எந்தப் படமும் காட்டாது. ஔவைக்கு எண்ணியிருந்த பச்சைச் சேலையைத் துண்டு வெட்டி விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்துவிட்டு, வெளிர்மஞ்சளுக்கு மாற்றினோம்.

ஆகவே தையற்காரருக்கான குறிப்பில் "ஆடையணி வரைவு" என்றே எழுதுகிறேன். அதன் கீழே "அளவுகள் நேரில் எடுக்கப்படும்" என்று ஒரு வரி சேர்க்கிறேன். காவேரிப்பட்டணம் ஐயாவுக்கு: அங்கி வேண்டாம் ஐயா, சேவகர் இருவருக்கு வேல் இருந்தால் தெரிவியுங்கள்.

ப்ராம்ப்ட் பற்றி எவரும் இன்னும் சொல்லவில்லை.

தருமபுரி, ஓய்வுபெற்ற நூலகர்

"தூண்டுரை" என்பது சிலரிடம் வழங்குகிறது. ஆனால் எழுதியதைக் கருவி அப்படியே செய்ய வேண்டும் என்றுதானே எழுதுகிறீர்கள்? ஆகையால் "ஏவுரை" என்பேன்.

ஓசூர், வரைகலைப் பணியாளர்

அப்படியே செய்வதில்லையே, ஐயா. அதனால்தான் "தூண்டுரை" பக்கம் நிற்கிறேன். மறுப்பவர்கள் எழுதுங்கள்.