கழுத்துக் கருமையை நிறத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடியுமா?

கோபிக்காரன்:
அண்ணாமார்களே, ஒரு கல்யாண ஆல்பம் கையில் இருக்கு. பொண்ணுக்கு வாயைச் சுற்றியும் கழுத்திலும் கருமை தெரியுது. தோலின் இழை கெடக் கூடாதுன்னு Photoshop-இல் Color மோடில் லேயர் போட்டு, கன்னத்து நிறத்தை எடுத்து பிரஷ்ஷில் அடிச்சேன். கருப்பு போகலை, ஆரஞ்சாத்தான் மாறுச்சு. நிறத்தை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்ய வழி இருக்கா?

மருதமலை அடிவாரம்:
கழுத்துக் கருமைக்குப் பாசிப்பயறு மாவும் தயிரும் கலந்து போடச் சொல்லுங்க தம்பி. எங்க வீட்டில் அதுதான். ஆனால் கழுத்து மடிப்பில் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்திருந்தால் மாவெல்லாம் வேலைக்கு ஆகாது. சர்க்கரை, இன்சுலின் கோளாறு இருந்தாலும் அப்படி வரும், தோல் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

கோபிக்காரன்:
ஐயா, நான் கேட்டது போட்டோவில். பொண்ணு தேனிலவுக்கே கிளம்பிட்டாங்க.

அவிநாசி ரோடு:
Color லேயர் எல்லாம் பழைய காலம். பிரீக்வென்சி செபரேஷன் போடுங்க. இழை மேல் லேயரில், நிறமும் வெளிச்சமும் கீழ் லேயரில். கீழே லாசோ வைத்து வளைத்து Gaussian Blur கொடுத்தால் கருமை கரைந்துவிடும், மேலே துளைகள் அப்படியே இருக்கும். ஒரு முகத்துக்குப் பத்து நிமிஷம். இதற்கு மேல் விவாதமே தேவையில்லை.

சென்னிமலைத் தறி:
துளைகள் அப்படியே இருக்கும் என்பது சரி. ஆனால் கீழ் லேயரில் கருமை மட்டும் இல்லை தம்பி, தாடைக்குக் கீழே விழுகிற நிழலும் அங்கேதான் இருக்கிறது. லாசோவைக் கழுத்தில் வளைத்து மங்கலாக்கினால் இரண்டும் ஒன்றாகக் குழைந்துவிடும். தாடைக்கோடு போய், முகத்தைத் தனியாக வெட்டி ஒட்டின மாதிரி ஆகும். ஒரு பெரிய குளோசப்புக்குப் பொறுமையாகச் செய்தால் நன்றாக வரும், மறுக்கவில்லை. கழுத்துக்கு நான் போக மாட்டேன்.

கோபித் தம்பி, எதையும் அடிக்கும் முன் கருமை எதனால் தெரிகிறது என்று பாருங்கள். படத்துக்கு மேலே கறுப்பு Solid Color லேயர் ஒன்று வைத்து மோடை Color ஆக்குங்கள். நிறம் போய் வெளிச்சம் மட்டும் நிற்கும். அதில் திட்டு தெரிந்தால் அது வெளிச்சக் குறை. அப்புறம் அதை அணைத்துவிட்டு, 50% சாம்பல் லேயர் ஒன்றை Luminosity மோடில் வையுங்கள். இப்போது வெளிச்சம் போய் நிறம் மட்டும் நிற்கும். இதில் திட்டு தெரிந்தால்தான் நிறக் குறை. Color பிரஷ்ஷால் சரியாவது இந்த இரண்டாவது மட்டுமே. வாயைச் சுற்றி என்ன, கழுத்தில் என்ன என்று தனித்தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். Info பேனலை Lab-க்கு மாற்றி எண்களையும் போடுங்கள். ஐடிராப்பரை 11 by 11 Average-இல் வைத்து எடுக்கணும். இல்லாவிட்டால் ஒரு துளையின் நிறத்தை எடுத்துக்கொண்டு அதையே முகத்தின் நிறம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

கோபிக்காரன்:
பார்த்தேன் அண்ணா. கன்னம் L 62, a 17, b 24. வாயோரம் 55, 13, 17. கழுத்து 48, 15, 25. சாம்பல் லேயர் வைத்தபோது வாயோரம் தெளிவாகச் சாம்பல் பூத்த மாதிரி தெரியுது. கழுத்து ஏறக்குறைய கன்னத்தோடு சேர்ந்துடுது. கறுப்பு லேயரில் கழுத்து அப்பட்டமா இருட்டு.

பல்லடம் மேக்கப்:
நான் மேக்கப் போடுகிற ஆள், எடிட்டிங் தெரியாது. ஆனாலும் சொல்கிறேன். வாயோரம் சாம்பல் நீலமாக இருந்தால் ஃபவுண்டேஷனுக்கு அடியில் ஆரஞ்சு கரெக்டர் மெல்லிசாக வைப்போம். நீலத்தை ஆரஞ்சு அடக்கும். கையில் கொஞ்சம் கூடினால் அங்கே ஆரஞ்சே தெரியும், வீடியோ லைட்டில் இன்னும் மோசம். தம்பிக்கு நடந்ததும் அதுதானோ? கழுத்துக்கு நாங்கள் கரெக்டர் வைப்பதே குறைவு. முகூர்த்தம் விடியற்காலை, பொண்ணு தூக்கத்தோடு உட்கார்ந்திருக்கும், நகை போட்ட பிறகு கழுத்தை யார் தொட விடுகிறார்கள்!

சென்னிமலைத் தறி:
அக்கா சொன்னது ரொம்பப் பொருந்துகிறது. தம்பியின் எண்களும் அதையே சொல்கின்றன. வாயோரம் வெளிச்சத்தில் 7 குறைவு, நிறத்தில் a 4, b 7 குறைவு. கண்ணை உறுத்துவது பெரும்பாலும் அந்த நிறக் குறைதான். கழுத்தில் நிறம் ஏறக்குறைய சரி, வெளிச்சம் மட்டும் 14 குறைவு. அங்கே நாள் முழுக்க Color பிரஷ் அடித்தாலும் கருமை நகராது.

உங்களுக்கு ஏன் ஆரஞ்சானது? Color மோடு அடியில் இருக்கிற வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே இருக்கிற நிறத்தை அதே வீரியத்தோடு இறக்கும். வெளிச்சமான கன்னத்தில் சாதாரணமாக இருக்கிற வீரியம், இருண்ட இடத்தில் உட்கார்ந்தால் அதிகமாகத் தெரியும். அதனால் கன்னத்து மேட்டில் எடுக்காதீர்கள். கன்னத்தின் நிழல் பக்கம், காதுக்கு முன்னால், L சுமார் 55 வருகிற இடத்தில் எடுங்கள். திட்டின் வெளிச்சமும் நிறம் எடுக்கிற இடத்தின் வெளிச்சமும் அருகருகே இருந்தால் ஆரஞ்சு வராது. பிரஷ் Hardness 0, Flow 5. அடித்து முடித்து லேயர் Opacity-ஐ 50-இல் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் 60-ஐத் தாண்ட வேண்டியிருக்காது. முழுசாக அடித்தால் அந்த இடம் முழுக்க ஒரே நிறமாகிவிடும். துளை இருக்கும், ஆனால் தோலில் இயல்பாக இருக்கிற நிற ஏற்ற இறக்கம் போய் பொம்மை மாதிரி இருக்கும். உதட்டுக்கோட்டில் பிரஷ் படக் கூடாது, பட்டால் லிப்ஸ்டிக் பழுப்பாகும்.

அவிநாசி ரோடு:
அப்போ கழுத்துக்கு வெளிச்சத்தைத் தொட்டுத்தானே ஆகணும்? தம்பி கேட்டது நிறம் மட்டும். நீங்களே உங்கள் பேச்சை மாற்றுகிறீர்கள். Curves போட்டு நடுவில் தூக்கினால் கழுத்து சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுக்கும். நான் பட்டது.

சென்னிமலைத் தறி:
வெளுக்கும், உண்மை. நடுவில் தூக்கினால் வெளிச்சம் கூடும், நிறத்தின் வீரியம் அதே விகிதத்தில் கூடாது. அதனால்தான் சாம்பல் பூக்கிறது. நடுவில் தூக்காதீர்கள். Curves-இன் வலது மேல் முனையைப் பிடித்து இடது பக்கம் இழுங்கள். Input 255 இருப்பது 221 ஆகட்டும், கோடு நேராகவே இருக்கட்டும். மூன்று சேனலும் ஒரே அளவில் பெருகும். விளக்கைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்த மாதிரி இருக்கும், நிறத்தின் விகிதமும் துளைக்கும் மேட்டுக்கும் உள்ள வித்தியாசமும் அப்படியே நிற்கும். 221 என்பது L-ஐ 48-இலிருந்து ஏறக்குறைய 55-க்குக் கொண்டுவரும். பாதி தூரம். அதுவே போதும்.

மாஸ்க்கை Ctrl+I போட்டுக் கறுப்பாக்கி, வெள்ளை பிரஷ்ஷில் Flow 4 வைத்து, கழுத்துப் பக்கவாட்டிலும் முன்னாலும் மட்டும் ஏற்றுங்கள். தாடைக்கு நேர் கீழே ஒரு விரல் அகலத்தை விட்டுவிடுங்கள், அது நிழல். நகை மேல் பட்டால் தங்கம் வெடித்துப்போகும்.

நிறம் மட்டும் என்ற பேச்சைப் பற்றி: அதற்கு எல்லை எங்கே என்று காட்டத்தான் இரண்டு சோதனை லேயரையும் போடச் சொன்னேன். வெளிச்சக் குறைக்கு நிறம் மட்டும் பூசுவது மூக்கு ஒழுகுகிறவனுக்குக் காலில் தைலம் தேய்க்கிற கதை.

ஊத்துக்குளி வெண்ணெய்:
எனக்கு ஒரு கேள்வி. அந்தப் பொண்ணு கேட்டுச்சா? நம்ம ஊர்ப் பொண்ணு வெயிலில் காட்டுக்கும் மில்லுக்கும் போய் வந்த கழுத்து அது. நான் ஆல்பம் டிசைனில் 15 வருஷமா இருக்கேன், கழுத்துக் கருமையைத் தொடுவதே இல்லை. ஒரு தடவை மாப்பிள்ளை வீட்டார் சொன்னாங்கன்னு முகத்துக்குச் சமமாகக் கழுத்தை ஏற்றிக் கொடுத்தேன். பொண்ணு வந்து “அண்ணா, இது என் கழுத்தே இல்லைங்க”ன்னு சொல்லுச்சு. அன்னிக்கே விட்டாச்சு.

அவிநாசி ரோடு:
நீங்க தொடலைன்னா கஸ்டமர் அடுத்த ஸ்டூடியோவுக்குப் போவார். அவ்வளவுதான்.

ஊத்துக்குளி வெண்ணெய்:
போகட்டும்.

சென்னிமலைத் தறி:
வெண்ணெய் அண்ணன் சொல்வதில் பாதியோடு நான் ஒத்துப்போகிறேன். அதனால்தான் 48-ஐ 62 ஆக்கச் சொல்லவில்லை. லைட் மேலிருந்து விழுந்து கழுத்து இயல்பை விட இருண்டிருந்தால் அதை மீட்பது ஒன்று, தோலின் நிறத்தையே மாற்றுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று எனக்கும் ஒவ்வொரு ஆல்பத்திலும் தடுமாற்றம்தான்.

கோபிக்காரன்:
இன்னொன்று. இந்தச் சடங்கிலேயே 40 படம் இருக்கு. ஒவ்வொன்றுக்கும் இப்படி மாஸ்க் போட முடியாதே?

அவிநாசி ரோடு:
Capture One இருந்தால் Color Editor-இல் Skin Tone போய் Uniformity ஸ்லைடரில் Hue-ஐக் கொஞ்சம் ஏற்றுங்கள். வாயோரத்து நிறம் தானே கன்னத்தோடு சேரும். இதில் தறி அண்ணனோடு எனக்குச் சண்டை இல்லை.

சென்னிமலைத் தறி:
இல்லைதான். ஆனால் உதடு, மருதாணிக் கை, மஞ்சள் எல்லாம் தோல் நிறத்துக்குப் பக்கத்து நிறங்கள். கூட இழுத்துக்கொண்டு வரும். ஒரு மாஸ்க்குக்குள் வைத்துச் செய்யுங்கள். நடுத்தர, தூரத்துப் படங்களில் எதுவுமே தேவையில்லை, அச்சில் முகம் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். குளோசப் ஏழெட்டுக்கு மட்டும் கையால் செய்யுங்கள்.

கோபிக்காரன் *(இரண்டு நாள் கழித்து):*
செய்தேன். வாயோரம் Opacity 45-லேயே சரியாயிடுச்சு. கழுத்தில் 221 கொஞ்சம் அதிகமாத் தெரிஞ்சது, 228-இல் நிறுத்தினேன். தாடைக்கு அடியில் இடது பக்கம் சிவப்பாத் தெரிஞ்சது, கூறைப் பட்டின் சிவப்பு அடிச்சிருக்கு. சாம்பல் லேயரில் பார்த்தால் அது மட்டும் நிறக் குறை, அதனால் அந்த இடத்துக்கு மட்டும் Color பிரஷ். எட்டுப் படம் பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். பொண்ணோட அம்மாவுக்கு முகமும் கழுத்தும் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: “தாலிக் கயிறு ஏன் கண்ணு அழுக்கா இருக்குது?”

பார்த்தால், அந்தச் சிவப்பைத் துடைக்கும்போது பிரஷ் மஞ்சள் கயிறு மேலயும் ஓடியிருக்கு. கழுத்து நிறமே கயிறுக்கும் வந்துடுச்சு. இப்போ எட்டுப் படத்திலும் கயிறை மாஸ்க்கில் கறுப்பு பிரஷ்ஷால் துடைச்சிட்டு உட்கார்ந்திருக்கேன்.