மீல்மேக்கர் வாடைக்கு ஒரு சொல் வேண்டும்

வியாசர்பாடி மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி மகளிர் குழுவுக்கான சமையல் பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மீல்மேக்கர் பாடத்தில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஊறிய உருண்டையில் வேகாத அவரைக்கொட்டை போல ஒரு நெடி வருமே, அதற்கு என்ன போடுவது? பழைய பதிப்பில் 'பச்சை வாடை' என்று இருக்கிறது. அதைப் படித்த பெண்கள் உருண்டையை எண்ணெயில் போட்டு வதக்கிக்கொண்டே இருக்கிறார்களாம். வாடை மட்டும் போகவில்லை.

கொடுங்கையூர் பயிற்றுநர்:

தம்பி, அந்தச் சொல்தான் வினை. இஞ்சி பூண்டு விழுதில், மிளகாய்த்தூளில் இருப்பது பச்சை வாடை. வதக்கினால் அது போகும் என்று எல்லாருக்கும் கை பழகியிருக்கிறது. சோயா விஷயம் அப்படியில்லை. எண்ணெய் எடுத்த சோயா மாவில்தான் உருண்டை செய்கிறார்கள். ஆனாலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு கொழுப்பு அதில் தங்கிவிடும். பயறு உடைபடும்போதே அதிலுள்ள நொதி கொழுப்பைச் சிதைத்து ஹெக்சனால் போன்ற பொருள்களை உண்டாக்கிவிடுகிறது. அவை புரதத்தோடு ஒட்டிக்கொண்டு உருண்டைக்குள் உட்கார்ந்திருக்கின்றன. வதக்கினால் மேல்தோல் முறுகும், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். வெந்நீரில் கரைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரோடு வெளியேற்ற வேண்டும். ஆகவே படிக்கிறவர் கையை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகிற சொல்லாகப் பாருங்கள்.

பெரம்பூர் தமிழாசிரியர், பணி நிறைவு:

'பயற்று வாடை' என்க. பயறு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். வேற்றுமைப் புணர்ச்சியில் றகரம் இரட்டும். பயற்றங்காய் என்று நாம் சொல்லவில்லையா? 'வாடை' வேண்டாம் என்பவர் 'பயற்று நாற்றம்' எனலாம். நாற்றம் இழிவான சொல் அன்று. 'சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்' என்ற குறளில் அது ஐம்புலன்களுள் ஒன்று. அங்கே 'ஊறு' என்பது தொடு உணர்வு. ஊறிய உருண்டையைக் கையால் அழுத்திப் பார்த்துப் பதம் அறிகிறோம் அல்லவா? இரண்டு ஊறும் அங்கே சேர்கின்றன! இந்த ஊறு என்னும் வேர் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

காசிமேடு உணவுக் கடைக்காரர்:

ஐயா, வேர் இருக்கட்டும். எங்க பக்கம் இதுக்குப் பேரு கவிச்சி. மீனுக்கு என்ன செய்றோம்? உப்பு, மஞ்சள், எலுமிச்சை போட்டு அலசுறோம். மீல்மேக்கருக்கும் அதேதான். 'சோயா கவிச்சி'ன்னு போடுங்க, சின்னப் புள்ளைக்கும் புரியும்.

கொடுங்கையூர் பயிற்றுநர்:

அண்ணே, உப்பும் அலசலும் சரி, அதில் பாதி வேலை முடிந்துவிடும். எலுமிச்சைதான் இடிக்கிறது. மீன் கவிச்சி காரத்தன்மை உள்ள பொருளால் வருவது, புளிப்புப் பட்டால் அடங்கும். ஹெக்சனால் அந்த வகை இல்லை. எலுமிச்சை அதன் மேல் வேறொரு மணத்தைப் பூசும், அவ்வளவுதான். குழம்பு ஆறியதும் பழைய வாடை எட்டிப் பார்க்கும். கவிச்சி என்று அச்சிட்டால் பெண்கள் புளித்தண்ணீரில் ஊறவைக்கப் போகிறார்கள்.

ராயபுரம் உறுப்பினர்:

'மொச்சை வாடை' எப்படி? மொச்சையும் அவரை இனம்தானே.

பெரம்பூர் தமிழாசிரியர்:

எங்கள் வீட்டில் மொச்சை வாடை என்றால் கிடாக்கறி. சைவக் குழம்புப் பாடத்தில் அது வேண்டாம்.

தண்டையார்பேட்டை உறுப்பினர்:

நான் வீட்டில் சால்னா செய்தேன். வாடை இல்லை, உருண்டை மட்டும் சப்பென்று இருக்கிறது. குழம்போ நீர்த்துவிட்டது. ராத்திரியே பச்சைத் தண்ணீரில் போட்டு, காலையில் வடித்து அப்படியே குழம்பில் சேர்த்தேன். இதற்கும் ஒரு சொல் இருக்கிறதா?

கொடுங்கையூர் பயிற்றுநர்:

சொல் இல்லை, தங்கச்சி, பிழியாததுதான் காரணம். வடித்த உருண்டைக்குள் தண்ணீர் முட்ட நிற்கிறது, மசாலா எங்கே நுழையும்? வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். 100 கிராம் உருண்டைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. தளதளவென்று கொதித்ததும் உருண்டையைப் போட்டு 5 நிமிடம். மேலே மஞ்சள் நுரை கட்டும். வாடையில் ஒரு பங்கு அதோடு வருகிறது. அடுப்பை அணைத்து 10 நிமிடம் மூடி வைக்க வேண்டும். ஒன்றை எடுத்து நறுக்கிப் பாருங்கள். நடுவில் வெளிறிய கெட்டிப் பொட்டு தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. பச்சைத் தண்ணீரில் அந்தப் பொட்டு போக வெகு நேரம் ஆகும்.

ஊறியதும் அந்த நீரைக் கொட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிழியுங்கள். மறுபடி அலசி, மறுபடி பிழிய வேண்டும். பிழிகிற தண்ணீர் முதலில் கலங்கலாக வரும், தெளிந்து வரும்போது முகர்ந்து பாருங்கள். பிழிந்த உருண்டை பஞ்சு மாதிரி. அடுத்து எதில் போடுகிறோமோ அதைத்தான் குடிக்கும். அதனால் பெரிய உருண்டையைப் பாதியாக நறுக்கிவிடுவேன், வெட்டுவாய் வழியாக மசாலா சீக்கிரம் இறங்கும்.

சால்னாவை வழக்கத்தைவிடத் தண்ணியாக, உப்பு உறைப்பு சற்றுத் தூக்கலாக வைத்துக் கொதிக்க விடுங்கள். உருண்டையைப் போட்டு சிறு தீயில் 10 நிமிடம், அணைத்தபின் இன்னும் 15 நிமிடம் மூடி வைக்கலாம். அதற்குள் குழம்பு தானே சுண்டி சரியான பதத்துக்கு வரும். முன்கூட்டியே வறுத்துப் போடுகிறவர்கள் பிழிந்து மசாலா தடவி ஊறவிட்ட பிறகு வறுக்கட்டும். வெறுமனே வறுத்தால் தோல் இறுகி, குழம்பு உள்ளே போகாது. இன்னொன்று: நாள்பட்ட சரக்கில் வருவது சிக்கு வாடை, அது எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. பாக்கெட்டைப் பிரித்ததும் பழைய எண்ணெய் மணம் வந்தால் சமைக்க வேண்டாம்.

பெரம்பூர் தமிழாசிரியர்:

தெளிவான விளக்கம், அம்மா. இதுவே என் கட்சிக்கும் துணை. வேறு தீர்வு உடைய வாடைக்கு வேறு பெயர் வேண்டும். பயற்று வாடை என்பதில் நான் நிற்கிறேன்.

கொடுங்கையூர் பயிற்றுநர்:

ஐயா, இலக்கணம் சரிதான். வகுப்பில் வாய்விட்டுப் படிக்கும்போது 'பயத்து வாடை' ஆகிவிடும். யாருக்கு என்ன பயம் என்று கேட்பார்கள். சோயா வாடை என்றே போட்டுவிடலாமே.

பெரம்பூர் தமிழாசிரியர்:

பேச்சில் திரிகிறது என்பதற்காக எழுத்தில் விடுவதா? பயத்தம்பருப்பு என்று சொல்லும் வாய்க்குப் பயற்று வாடையும் பழகும்.

வியாசர்பாடி மொழிபெயர்ப்பாளர்:

இதுவரை எழுதியவர்களில் 'சோயா வாடை'க்கு நான்கு பேர், 'பயற்று வாடை'க்கு இரண்டு பேர். அச்சகத்திலிருந்து மறுபடி அழைத்துவிட்டார்கள். சோயா வாடை என்று போட்டு, 'வதக்கினால் போகாது, வெந்நீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும்' என்ற வரியை அதே பக்கத்தில் கட்டம் கட்டிச் சேர்த்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

பெரம்பூர் தமிழாசிரியர்:

மறுப்பைப் பதிவு செய்கிறேன். பட்டாணிப் புரதத்திலும் இதே வாடை உண்டு. அடுத்த பதிப்பில் பட்டாணிப் பாடம் வரும்போது அதை 'பட்டாணியின் சோயா வாடை' என்று எழுதுவீர்களா?

காசிமேடு உணவுக் கடைக்காரர்:

நேத்து அக்கா சொன்ன மாதிரி கொதிக்கவச்சு ரெண்டு தடவை பிழிஞ்சேன். வாடை இல்லை. ஆனா கடையில அதுக்குப் பேரு இன்னும் கவிச்சிதான்.