மின்தேக்கியின் உச்சம் ஏன் முன்னதாகவே வருகிறது? தொடர் ஒத்ததிர்வும் தடையுறு சுருள்வில்லும்

மின்மினி:
10 மில்லிஹென்றி கம்பிச்சுருள், 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 120 ஓம் மின்தடை ஆகியவற்றைத் தொடராக இணைத்திருக்கிறேன். கணக்கின்படி ஒத்ததிர்வு 5033 ஹெர்ட்ஸ். மின்தடையின் குறுக்கே அளந்தால் உச்சம் அங்கேதான் வருகிறது. மின்தேக்கியின் குறுக்கே அளந்தால் 4500 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. சுருள்வில்லில் தடை கூடினால் ஒத்ததிர்வு கீழே இறங்கும் என்று படித்தேன், மின்சுற்றில் R ஒத்ததிர்வை மாற்றாது என்றும் படித்தேன். இரண்டுக்கும் ஒரே சமன்பாடு என்றால் இது எப்படிப் பொருந்தும்?

நிலாமுற்றம்:
இது அளவீட்டில் வரும் கோளாறு. ஆசிலாஸ்கோப்பின் புரோபுக்கும் சிறிது மின்தேக்குத்திறன் உண்டு. அதை மின்தேக்கியின் குறுக்கே மாட்டும்போது அது இணையாகச் சேர்ந்து மொத்த C-யைக் கூட்டுகிறது, அதனால் அதிர்வெண் குறைகிறது. மின்தடையின் குறுக்கே மாட்டும்போது அந்தச் சேர்க்கை நேராத காரணத்தால் சரியான மதிப்புக் கிடைக்கிறது.

பொறிவழி:
நிலாமுற்றம் சொல்லும் விளைவு உண்மையில் உள்ளதுதான், ஆனால் அதன் அளவைப் பார்க்க வேண்டும். 5033-ஐ 4500-க்கு இறக்க C கால் பங்கு கூட வேண்டும்; அதாவது 25 நானோஃபாரட் சேர வேண்டும். ×1 நிலையில் வைத்த புரோபும் கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 100 பிகோஃபாரட்தான் தரும். தேவைப்படுவது அதைப் போல 250 மடங்கு. எனவே காரணம் வேறு.

மின்மினி படித்த இரண்டு கூற்றுகளும் சரியே, ஆனால் அவை ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. உவமையில் நிறைக்கு L, உராய்வுத் தடைக்கு R, வில்லின் விறைப்புக்கு 1/C நிற்கின்றன. இடப்பெயர்ச்சிக்கு நிகரானது மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம், திசைவேகத்துக்கு நிகரானது மின்னோட்டம். வில்லைப் பற்றிப் பேசும் நூல் நிறை எவ்வளவு தூரம் விலகுகிறது என்று பார்க்கிறது. மின்சுற்றைப் பற்றிப் பேசும் நூல் மின்னோட்டத்தைப் பார்க்கிறது. வில்லிலும் திசைவேகத்தை அளந்தால், தடை எவ்வளவு இருந்தாலும் உச்சம் இடம் மாறாது. சுற்றிலும் மின்னூட்டத்தை அளந்தால் உச்சம் கீழே இறங்கும். நீங்கள் மின்தேக்கியின் குறுக்கே அளந்தபோது செய்தது அதைத்தான்.

இறங்குவதற்கான காரணத்தை வாய்பாடு இல்லாமலே காணலாம். மின்னோட்ட வளைவு தன் உச்சியில் ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். அங்கிருந்து அதிர்வெண்ணைச் சற்றுக் குறைத்தால் மின்னோட்டம் பெரிதாகக் குறைவதில்லை, ஆனால் ஒவ்வொரு அரைச்சுழற்சியும் நீள்கிறது. அந்தக் கூடுதல் நேரமும் மின்னோட்டம் ஒரே திசையில் பாய்வதால் மின்தேக்கியில் சேரும் மின்னூட்டம் கூடுகிறது. தடை மிகுந்த சுற்றில் உச்சி அகலமாக இருப்பதால் இந்த ஆதாயம் நெடுந்தூரம் தொடரும். தடை குறைந்த சுற்றில் உச்சி கூராக இருப்பதால் உடனே நின்றுவிடும். சுற்றின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணை f0 என்றும் மின்தேக்கியின் உச்சம் வரும் அதிர்வெண்ணை f_C என்றும் கணக்காக எழுதினால்:

f_C = f0 √(1 − R²C/2L)

ஆனால் இதில் 120 ஓமை இட்டால் 4848 ஹெர்ட்ஸ்தான் வருகிறது, உங்களுக்குக் கிடைத்த 4500 வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ஜெனரேட்டரை எந்தச் சுற்றும் இணைக்காமல் 1 வோல்ட்டுக்கு வைத்துவிட்டுப் பிறகு இணைத்தால், 5033 ஹெர்ட்ஸில் மின்தடையின் குறுக்கே எவ்வளவு காட்டுகிறது?

மின்மினி:
0.6 வோல்ட்.

பொறிவழி:
அப்படியானால் விடை அதிலேயே இருக்கிறது. அந்த அதிர்வெண்ணில் சுருளின் மின்னழுத்தமும் மின்தேக்கியின் மின்னழுத்தமும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால், 1 வோல்ட் முழுவதும் தடைகளில்தான் விழ வேண்டும். உங்கள் 120 ஓமில் 0.6 வோல்ட் விழுகிறது என்றால் மீதி 0.4 வோல்ட் விழும் 80 ஓம் வேறெங்கோ இருக்கிறது. ஜெனரேட்டரின் உள்தடை வழக்கமாக 50 ஓம். மீதி 30 ஓம் சுருளின் கம்பியில் இருக்க வேண்டும், மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 200 ஓம் என்று இட்டால் R²C/2L சரியாக 0.2 ஆகிறது, f_C 4502 ஹெர்ட்ஸ் ஆகிறது. மின்தேக்கியின் மின்னழுத்தம் 5033-இல் 1.58 வோல்ட்டாகவும் 4502-இல் 1.67 வோல்ட்டாகவும் இருக்கும்.

அலைவரிசை:
என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. இயந்திரத் தாங்கிகளை ஷேக்கரில் ஏற்றி, விசையின் வீச்சை மாறாமல் வைத்துச் சோதிப்பது என் வேலை. தடை மிகுந்த ரப்பர் தாங்கிகளில் உச்சம் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. இயல்பு அதிர்வெண்ணுக்கு மேலேதான் வரும். ஆகவே தடை கூடினால் ஒத்ததிர்வு இறங்கும் என்ற கூற்றையே நான் ஐயுறுகிறேன்.

பொறிவழி:
நீங்கள் அளப்பது முடுக்கமானியால் என்று நினைக்கிறேன். முடுக்கத்துக்கு நிகரானது மின்னோட்டம் மாறும் வேகம், அதாவது சுருளின் மின்னழுத்தம். மின்னூட்டம் என்பது மின்னோட்டத்தை அதிர்வெண்ணால் வகுத்தது, அதனால் உச்சம் கீழே நகர்கிறது. முடுக்கத்தில் அதே அதிர்வெண்ணால் பெருக்குகிறோம், அதனால் மேலே நகர்கிறது. மின்மினியின் சுற்றில் சுருளின் உச்சம் 5627 ஹெர்ட்ஸில் வர வேண்டும். சோதிக்க விரும்பினால் சுருளை எர்த் பக்கம் மாற்றி இணையுங்கள். புரோபின் எர்த் கிளிப்பும் ஜெனரேட்டரின் எர்த்தும் ஒன்றே என்பதால், நடுவில் உள்ள உறுப்பின் குறுக்கே மாட்டினால் அதற்குக் கீழே உள்ளவை குறுக்குச்சுற்றாகிவிடும். அத்துடன் சுருளின் 30 ஓமும் அளவீட்டில் கலப்பதால் சரியாக 5627 கிடைக்காது, சற்று விலகும்.

நிலாமுற்றம்:
அளவீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெனரேட்டரின் 50 ஓமை உள்ளே சேர்ப்பது ஒரு தேர்வுதான். ஒத்ததிர்வில் அதன் முனைகளில் மின்னழுத்தம் 0.75 வோல்ட்டாக இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் முனைகளில் 1 வோல்ட் இருக்கும்படி திருத்திக்கொண்டே அளந்தால் R 150 ஓம்தான்; மின்தேக்கியின் உச்சம் ஏறத்தாழ 4740-இல் வரும். எதை மூலமாகக் கொண்டோம் என்று சொல்லாமல் உச்சம் இங்கே என்று சொல்வது முழுமையாகாது.

பொறிவழி:
ஏற்கிறேன். அதனால்தான் ஒத்ததிர்வு என்ற பெயரை f0-க்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்கிறேன். மின்னோட்டமும் மூலமும் ஒரே கட்டத்தில் இருப்பதும், மூலம் அதிகத் திறனைத் தருவதும் அங்கேதான்; R எதுவானாலும் அது நகராது.

அலைவரிசை:
அதை நான் ஏற்கவில்லை. வில் அறுந்துபோவது அதிகம் நீளும்போது. மின்தேக்கி பழுதாவது அதிக மின்னழுத்தம் ஏறும்போது. பொருள் எங்கே உடையும் என்று கேட்பவருக்கு f0 தவறான விடையைத் தருகிறது.

பொறிவழி:
விலகலின் உச்சத்தையே ஒத்ததிர்வு என்று கொள்ளும் உங்கள் வரையறையின்படி மொத்தத் தடை √(2L/C)-ஐ, இங்கே 447 ஓமை, தாண்டினால் ஒத்ததிர்வே இல்லை என்றாகும். ஆனால் 632 ஓம் வரை இந்தச் சுற்றைத் தட்டிவிட்டால் அது அலைந்துதான் அடங்குகிறது. தானாக அலையும் சுற்றுக்கு ஒத்ததிர்வு இல்லை என்பது எனக்குப் பொருந்தவில்லை.

அலைவரிசை:
எனக்குப் பொருந்துகிறது. அவ்வளவு தடையுள்ள தாங்கி எந்த அதிர்வெண்ணிலும் நிலைவிசை தரும் விலகலை மீறி விலகாது. ஆபத்து இல்லாத இடத்தில் ஒத்ததிர்வு என்ற எச்சரிக்கை எதற்கு?

மின்மினி:
120 ஓமுக்குப் பதிலாக 420 ஓம் வைத்து, மொத்தம் 500 ஓமில் பார்த்தேன். மின்தடையில் 5033-ஐ ஒட்டி 0.84 வோல்ட் உச்சம், மிக அகலமாக, இருக்கிறது. மின்தேக்கியில் உச்சமே இல்லை. குறைந்த அதிர்வெண்ணில் 1 வோல்ட்டில் தொடங்கி, போகப்போக இறங்கிக்கொண்டே செல்கிறது. சுருளின் கம்பித்தடை மல்டிமீட்டரில் 30 ஓம் காட்டுகிறது. 5 கிலோஹெர்ட்ஸிலும் அது அதே 30 ஓம்தானா, அல்லது உள்ளகத்தின் இழப்புச் சேர்ந்து கூடுமா?