வருஷக் கடைசி மதிப்பாய்வு: மாதாமாதம் பார்ப்பது பாதியில் நிற்கிறது, என்ன செய்யலாம்?

மொட்டைமாடி: அவசரமாக ஒரு உதவி. 2025-ஐ உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். முக்கியப் பாடம், எனக்குத் தொடர்ச்சி கிடையாது. மாதக் கடைசியில் கணக்கு, உடம்பு, வேலை மூன்றையும் பார்ப்பதாக முடிவு செய்து காலண்டரிலும் போட்டேன். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் போச்சு. ஜூலை, ஆகஸ்ட் தொடர்ந்து செய்தேன், அப்புறம் செப்டம்பரில் மறுபடி புட்டுக்கிச்சு. நவம்பரும் இல்லை. அதனால் 2026-க்குக் கருப்பொருள் ‘ஒழுங்கு’ என்று வைத்திருக்கிறேன். இதை எப்படிக் காலண்டரில் இறக்குவது?

கீழவீதி: எந்தக் காலண்டர்? சுவரில் மாட்டுவதா, போனிலா? எந்தத் தேதி, எத்தனை மணி? ஒன்றுமே சொல்லவில்லையே.

பழையபேனா: இந்தக் கேள்வி வருஷா வருஷம் வருகிறது. ‘ஒழுங்கு’ என்று எழுதினால் ஒழுங்கு வந்துவிடாது தம்பி. மன உறுதி இல்லாதவருக்குக் காலண்டர் எதற்கு? என்னிடம் 14 வருஷ டைரி இருக்கிறது, ஒரு மாதம்கூட விட்டதில்லை.

சரசு_மதுரை: நான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். மாதம் பிறந்ததும் பால்காரர் காசுக்கு நிற்பார், நோட்டைப் பிரித்தே ஆக வேண்டும், அப்படியே போன மாதத்தையும் பார்த்துவிடுவேன். இவருக்கு நல்ல டைரி வேண்டுமா, அதுதான் கேள்வியா?

ஊசிநூல்: போனில் பேட்டரி சேமிப்பு நோட்டிஃபிகேஷனை அமுக்கியிருக்கும். அதை அணைத்துப் பாருங்கள்.

மொட்டைமாடி: கூகுள் காலண்டர். டிசம்பர் 31, 2024 இரவு போட்டு மாதாமாதம் வரட்டும் என்று விட்டேன். மற்ற நினைவூட்டல் எல்லாம் ஒழுங்காக வருகிறது.

தறிநாடா: அடடா, 31-ஆம் தேதியா? நீங்கள் விட்ட மாதங்களைப் பாருங்கள்: பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர். எதிலும் 31 கிடையாது. ஜூலை, ஆகஸ்ட் இரண்டிலும் உண்டு, அதனால்தான் தொடர்ந்து வந்தது. இல்லாத தேதியை விட்டுவிட்டு அடுத்த மாதத்துக்குப் போவதுதான் காலண்டர்களின் பொது விதி. வருஷத்துக்கு ஏழு முறைதான் அழைப்பு வந்தது, ஏழிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதில் எங்கே தொடர்ச்சி இல்லை?

ஊசிநூல்: சரி, அப்போ 28-க்கு மாற்றினால் முடிந்தது.

தறிநாடா: எல்லா மாதமும் வரும், உண்மைதான். ஆனால் 28 ஒரு மாதம் செவ்வாய், ஒரு மாதம் வெள்ளி. வேலை நாள் இரவில் எத்தனை பேர் கணக்கு நோட்டை எடுப்பார்கள்? கடைசி ஞாயிறுதான் என் கட்சி. ஜனவரி 25-இல் புதிதாக ஒன்று போட்டு, மறுநிகழ்வில் கடைசி ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே விதி இப்படி இருக்கும்:

```
RRULE:FREQ=MONTHLY;BYDAY=-1SU
```

அப்புறம், பாடமே தவறு என்றால் கருப்பொருளும் மாற வேண்டும். போன வருஷம் உண்மையில் எது கையைக் கடித்தது?

பழையபேனா: டிசம்பர் 31 என்பதே வெள்ளைக்காரன் கணக்கு. ஏப்ரலில் சித்திரை பிறக்கும்போது பாருங்கள்.

கீழவீதி: பணத்துக்கு மார்ச் 31 தானே ஐயா கணக்கு முடிப்பு? சித்திரையில் பார்த்தால் இரண்டு வாரம் தாமதம்.

பழையபேனா: வாழ்க்கை என்ன வருமான வரிப் படிவமா?

சரசு_மதுரை: எங்கள் வீட்டில் போகிக்குப் பரணை இறக்கும்போதுதான் போன வருஷம் எதை வீணாக வாங்கினோம் என்று தெரியும். அதைவிட நல்ல நாள் எது?

மொட்டைமாடி: கடித்தது வரி. தனியாக டிசைன் வேலை செய்கிறேன், பிடித்தம் போகவே வருஷத்துக்குச் சுமார் 80,000 கட்ட வேண்டும். ஜூன் 15 அட்வான்ஸ் டாக்ஸைக் கோட்டைவிட்டேன்.

தறிநாடா: ஜூன் தவணை 15 சதவீதம், 12,000 ரூபாய். மாதம் ஒரு சதவீதம், மூன்று மாதம், 360 ரூபாய் வட்டி. தொகை சின்னதுதான். ஆனால் மே 31 அன்று உட்கார்ந்தீர்களே, அப்போதும் இது கண்ணில் படவில்லை. போன மாதத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள், வரப்போவதைப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால் கருப்பொருள் ‘ஒழுங்கு’ அல்ல, ‘முன்கூட்டியே’. தவணைகள் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15. அவற்றுக்கு முந்தைய கடைசி ஞாயிறுகள் 2026-இல் பிப்ரவரி 22, மே 31, ஆகஸ்ட் 30, நவம்பர் 29. அந்த நான்கின் குறிப்பில் ‘வரியைக் கணக்குப் போட்டு அன்றே கட்டு’ என்று எழுதுங்கள். வரும் மார்ச் 15 ஞாயிறு வேறு, கடைசி நாள் வரை வைக்காதீர்கள்.

ஊசிநூல்: தொழில் வருமானத்துக்கு உத்தேச வரி முறையில் போனால் மார்ச்சில் ஒரே தவணைதானே?

தறிநாடா: அந்த முறையில் இருந்தால் ஆமாம். இவர் எதில் இருக்கிறார் என்று சொல்லவில்லை.

கீழவீதி: அது சரி, உடம்புக்கு என்ன போட்டிருக்கிறார்? கேட்கவே இல்லையே.

மொட்டைமாடி: கடைசி ஞாயிறு போட்டாச்சு, டிசம்பர் வரை 12-உம் தெரிகிறது. ‘ஒழுங்கு’ அடித்துவிட்டேன். மீதி அப்புறம்.

பழையபேனா: பிப்ரவரியில் வந்து சொல்லட்டும், பார்ப்போம்.