வெளிநாட்டு வீட்டு உரிமையாளருக்கு வாடகை: 201 நோட்டீஸுக்குப் பதில் எழுத உதவி வேண்டும்

வணக்கம். சென்னையில் மாதம் 40,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வசிக்கிறார். 2022-23இல் கொடுத்த 4,80,000 ரூபாய்க்குப் பிரிவு 195இன்படி டிடிஎஸ் பிடிக்கவில்லை என்று வருமான வரித்துறை நோட்டீஸ் வந்திருக்கிறது. 31.2 சதவீதப்படி 1,49,760 ரூபாய், அதற்கு மேல் வட்டி. வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் வீட்டுக்காரர் இந்த வாடகையைக் காட்டி, 2023 ஜூலையிலேயே கணக்குத் தாக்கல் செய்து வரியும் கட்டிவிட்டார். அப்படியானால் ஆடிட்டர் சான்றுடன் படிவம் 26ஏ கொடுத்தால் அசல் வரி நம்மிடம் கேட்கப்படாது. அவர் தாக்கல் செய்த நாள்வரை மாதம் 1 சதவீத வட்டி மட்டும் கட்டினால் போதும். 2019 செப்டம்பர் முதல் வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுத்த பணத்துக்கும் இது பொருந்தும். பதிலில் இதைத்தான் எழுதப்போகிறேன்.

26ஏ கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? சான்று கைக்கு வரும்வரை அவகாசம் கேட்டு எப்படி எழுதினீர்கள்? வீட்டுக்காரரிடம் வேறு என்ன ஆவணம் வாங்கி வைக்கலாம்?